குறுக்குப் பிடிப்பு திரும்பி வராமலிருக்க: நடையா, தரைப்பயிற்சியா, யோகாவா?

வலி உச்சத்தில் இருக்கும்போது என்ன செய்வது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பல் துலக்கக் குனியும்போதோ, வாளியைத் தூக்கும்போதோ சட்டென்று குறுக்கு பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாள் படுத்தி எடுக்கும். பிறகு தானாகவே விட்டுப் போகும். நாமும் மறந்துவிடுவோம். மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி வந்து நிற்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் 'டிஸ்க் லேசாகத் தேய்ந்திருக்கிறது' என்று ஒரு வரி இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் அந்த வரி இருக்கும். இந்த ரக வலிக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் அதில் ஒருவன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிட்டு நடையில் நிலைத்திருக்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

பெல்ட்டை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். வலியோடு பஸ்ஸில் போகும்போது இடுப்பைச் சுற்றி ஒரு பிடிமானம் இருப்பது ஆறுதல்தான். ஆனால் அடுத்த முறை வராமல் அது தடுக்காது. தடுப்பு முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2016இல் வெளியான ஓர் அலசலில் பெல்ட்டும் செருப்புக்குள் வைக்கும் மெத்தைத் தகடும் பலன் தரவில்லை. உடற்பயிற்சிதான் தேறியது, அதோடு வலியைப் பற்றிய விளக்கமும் சேர்ந்தபோது இன்னும் நன்றாகத் தேறியது. தைலம், எண்ணெய், ஒத்தடம் எல்லாம் வலி இருக்கும் நாளுக்கு உரியவை, அவற்றோடு எனக்குச் சண்டையில்லை.

யோகாவில் என் அனுபவம் குறைவு. சில மாதங்கள் வகுப்புக்குப் போனேன், அவ்வளவுதான். தவழும் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்தும் அசைவும், புஜங்காசனமும் எனக்கு இதமாக இருந்தன. ஆனால் வகுப்பு நடந்த நேரம்தான் உறுத்தியது. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் நீரை இழுத்து உப்பிக்கொள்கிறது. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன் மேல் விழும் அழுத்தம் அதிகம். காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்கு வகுப்பில் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தானாசனம் என்று ஆழமாகக் குனிவது, குனிந்தால் வலிக்கிற ஆட்களுக்கு ஏற்றதல்ல. மாலை வகுப்பு கிடைத்து, 'இவருக்குக் குனியும் ஆசனம் இப்போது வேண்டாம்' என்று பிரித்துச் சொல்லித் தரும் ஆசிரியரும் அமைந்தால் கதை வேறாக இருக்கலாம்.

உண்மையான போட்டி தரைப்பயிற்சிக்கும் நடைக்கும்தான்.

தரைப்பயிற்சி என்று நான் சொல்வது பிசியோக்கள் வழக்கமாகத் தரும் மூன்று அசைவுகளை. கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெகில் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை அவை. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக எடுப்பது ஒன்று. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது இரண்டாவது. தவழும் நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது மூன்றாவது. ஒவ்வொன்றையும் பத்து விநாடி பிடித்து விட்டுவிட்டுச் செய்ய வேண்டும், மூச்சடக்கி ஒரு நிமிடம் தம் கட்டுவது இதன் நோக்கமல்ல. முதுகைச் சுற்றியுள்ள தசைகள் அசதியில்லாமல் நெடுநேரம் தாங்கப் பழகுவதுதான் காரியம். மூட்டை தூக்குபவர், குழந்தையைத் தூக்கி இறக்குபவர், சமையல்கட்டில் பெரிய பாத்திரங்களைப் புரட்டுபவர் என்றால் இதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நடை தராத ஒரு பலம் இதில் கிடைக்கிறது.

நடைக்கு ஆதரவாகச் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்தது, 2024இல் லான்செட் இதழில் வெளியானது. எல்லோரும் அப்போதுதான் ஒரு முறை வலி வந்து தேறியவர்கள். ஒரு பாதிப் பேருக்கு நடைத் திட்டமும், ஆறு மாதத்தில் ஆறு முறை பிசியோவின் வழிகாட்டலும் கிடைத்தன. மறுபாதிக்கு எதுவும் தரவில்லை. சும்மா விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பியது. நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாள் ஆனது. இதைச் சரியாகப் படிக்க வேண்டும். நடந்தால் வலி வரவே வராது என்று இதற்குப் பொருளில்லை, இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதுதான் பொருள். இன்னொன்று, அவர்கள் தானாக நடக்கவில்லை, பின்னால் ஒரு பிசியோ இருந்தார். நாமே தெருவில் இறங்கி நடந்தால் அதே பலன் முழுதாகக் கிடைக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நடையைத் தரைப்பயிற்சியோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வும் அல்ல இது.

பிறகு ஏன் நடை? காரணம் ஒன்றே ஒன்றுதான், வலி இல்லாத மாதங்கள்.

தடுப்பு வேலை முழுவதும் வலி இல்லாத நாட்களில்தான் நடந்தாக வேண்டும், அந்த நாட்களில்தான் எதையும் செய்யத் தோன்றாது. என் பெரியம்மா மகள் தையல் கடை வைத்திருக்கிறார், வயது 46. பிசியோ எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார். வலி போன மூன்றாம் வாரமே அது அங்கே அலங்காரமாகிவிட்டது. கேட்டதற்கு, "வலிக்கும்போது செய்யச் சொன்னா செய்யலாம்டா. வலியே இல்லாதப்ப யாரு பாயை விரிச்சுப் படுத்துக் காலைத் தூக்கிக்கிட்டு இருப்பாங்க?" என்றார். அக்கா சொன்னது சோம்பேறித்தனமில்லை. தரைப்பயிற்சிக்கு முதுகைத் தவிர வேறு காரணம் கிடையாது. முதுகு நன்றாக இருந்தால் அந்தக் காரணமும் காலி. நடைக்கு அப்படியில்லை. கடைக்குப் போகலாம், பால் வாங்கலாம், சர்க்கரை அளவு குறையும், தோழியோடு பேசலாம். முதுகு மறந்துபோன நாளிலும் நடையை இழுத்துச் செல்ல வேறு காரணங்கள் இருக்கின்றன. செலவு, கருவி, இடம் என்று பிற விஷயங்களையும் ஒப்பிடலாம்தான், ஆனால் என் கணக்கில் அவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அக்காவின் திட்டத்தையே எடுத்துச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள். அவ்வளவு போதுமா என்று அவரே சிரித்தார். அடுத்த இரண்டு வாரம் பதினைந்து நிமிடம், நான்கு நாள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடமோ ஒரு நாளோ கூட்டி, கடைசியில் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். ஆஸ்திரேலிய ஆய்வின் இலக்கும் ஏறக்குறைய அதுதான், அதற்கு மேல் போகத் தேவையில்லை. வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அளவு சரியா என்பது மறுநாள் காலையில் தெரியும். எழும்போது வழக்கமான விறைப்பு மட்டும் இருந்து, கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிட்டால் சரி. முந்தைய நாளைவிட வலி கூடி, மதியம் வரை நின்றால் ஒரு படி இறங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வலி போன உற்சாகத்தில் முதல் வாரமே முக்கால் மணி நேரம் நடந்து, நாலாம் நாள் படுத்து, 'எனக்கு நடை ஒத்துக்காது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆறாவது வாரம் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. நாள் முழுக்கக் குனிந்து தைத்ததில் அக்காவுக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. திட்டம் தோற்றதாக நினைத்து நிறுத்தியிருப்பார். நிறுத்தாமல் சுருக்கினோம். வாசலிலிருந்து தெருமுனை வரை ஐந்து நிமிடம், காலை, மதியம், மாலை. மெதுவாக, ஆனால் தினமும். ஒரு நாளுக்கு மேல் படுக்கையில் கிடக்கவில்லை. வலி இறங்கியதும் பத்து நிமிடத்திலிருந்து மறுபடி ஏறினார். அதோடு அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மிஷினைவிட்டு எழுந்து நிற்பது என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு இடைவெளிகள் நீண்டிருக்கின்றன, வந்தாலும் சில நாளில் போய்விடுகிறது. எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

நடையின் விலை காலில் தெரியும். அதே ஆய்வில் கால் சம்பந்தப்பட்ட தொல்லைகள் நடந்தவர்களில் 100 பதிவாயின, மற்றவர்களில் 54. அக்காவுக்கும் நான்காவது மாதம் காலையில் கட்டிலிலிருந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுள்ளென்றது. தேய்ந்த ரப்பர் செருப்போடு சிமெண்ட் சாலையில் நடந்ததுதான் எனக்குத் தோன்றிய காரணம். குதிகால் பக்கம் தடித்த ஷூவும், சில வாரம் நேரத்தைக் குறைத்ததும் உதவின. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இன்னும் மெதுவாக ஏற வேண்டும்.

நடை பொருந்தாத ஆட்களும் உண்டு. நடக்க நடக்கத் தொடையும் கெண்டைக்காலும் கனத்து, மரத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ விட்டுவிடுகிறதென்றால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அறுபதைத் தாண்டியவர்களிடம் இது அதிகம். அவர்களுக்கு, முன்னால் சாய்ந்து ஓட்டும் நிலையான சைக்கிள் பெரும்பாலும் நடையைவிட ஒத்துப்போகும், மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே தினமும் அரை மணி நடந்தும் வலி திரும்புகிறவர்களிடம் மேலும் நடங்கள் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் தரைப்பயிற்சிப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

இந்தத் தேர்வுகள் எதற்கும் இடமில்லாத நிலையும் ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் நிற்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காரும் பகுதி மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் தளர்வது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பிறகு வரும் வலி ஆகியவற்றையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

மழை, கல்யாணம், காய்ச்சல் என்று நடை விட்டுப் போகத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் நாங்கள் விட்ட இடத்தில் தொடங்குவதில்லை, பாதி நேரத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு ஏறுகிறோம். தெருவில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் அக்கா மொட்டை மாடியில் நடக்கிறார். வட்டம் சிறியது என்பதால் பாதி நேரத்தில் திசையை மாற்றிக்கொள்கிறார்.