30X-ன்னு போட்டு வித்த லைட் லென்ஸ்: மெடிக்கல் ஷாப்ல பேட்ச் நம்பர் படிச்சுப் படிச்சு வந்த அனுபவம்

பக்கத்து ஊர்ல மெடிக்கல் வச்சிருக்க தம்பி ஒருத்தர் நேத்து போன் பண்ணி, அண்ணே உங்க கடையில ஒரு லைட் வச்ச லென்ஸ் பாத்தேனே, இப்ப ஆன்லைன்ல விலை கொறஞ்சிருக்கு, வாங்கலாமான்னு கேட்டாரு. நேரம் பாத்து கேட்டாரு, ஏன்னா அதோட சுவிட்ச் புட்டுக்கிட்டு மொபைல் சர்வீஸ் கடையில சால்டர் வச்சு வாங்கிட்டு வந்த சூட்டுல இருந்தேன். போன்ல சொன்னதை கொஞ்சம் விவரமா இங்க எழுதுறேன். பிராண்ட் பேர் வேணாம், எல்லாம் ஒரே மாதிரி தான் வருது, கைப்பிடி வச்ச வட்ட லென்ஸ், சுத்தி எல்இடி, ரெண்டு பேட்டரி, மேல பெருசா 30X.

முதல்ல அந்த 30X கதைய முடிச்சிடுவோம். அது பொய். லென்ஸை ஜன்னலுக்கு எதிர்ல புடிச்சு பின்னாடி செவுத்துல ஜன்னல் பிம்பம் தெளிவா விழற தூரத்தை ஸ்கேல் வச்சு அளந்தா, அது தான் ஃபோகல் லெங்த். 25 சென்டிமீட்டரை அந்த தூரத்தால வகுத்தா உருப்பெருக்கம். என்னோடதுல பத்து சென்டிமீட்டர் கிட்ட வந்துச்சு, அப்ப ரெண்டரை மடங்கு. நெஜமாவே முப்பது மடங்கு வேணும்னா லென்ஸ் மருந்து அட்டைல இருந்து ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத தூரத்துல இருக்கணும், உள்ளங்கை அகலத்துல அப்படி ஒரு லென்ஸ் செய்யவே முடியாது.

ஆனா இங்க தான் எதிர்பாக்காத விஷயம். ரெண்டரை மடங்கா இருக்குறது தான் இதோட ஒரே நல்ல குணம். லென்ஸோட ஓரத்துல சின்னதா இன்னொரு குமிழ் லென்ஸ் பதிச்சிருக்கான், அதுல பாத்தா பெருசா தெரியும், நம்பர் மட்டும் தெரியாது. காரணம், சிரப் பாட்டில் லேபிள்லயும் கார்ட்டன்லயும் அடிக்கிற அந்த புள்ளி எழுத்து, அகலத்துல அஞ்சு உயரத்துல ஏழு புள்ளிக்குள்ள அடங்குறது. பெருசாக்கினா புள்ளியும் புள்ளிக்கு நடுவுல இருக்க இடைவெளியும் தான் பெருசாகும், கண்ணு எழுத்தை சேக்காம புள்ளிய எண்ண ஆரம்பிச்சிடும். கொஞ்சம் தள்ளி வச்சு கண்ணை லேசா சுருக்கிப் பாருங்க, புள்ளியெல்லாம் ஒட்டி எழுத்தாயிடும். மங்கலான பிரிண்டுக்கு கம்மியா பெருசாக்குறது தான் வசதி, இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

எரிச்சல் எதுலன்னா லைட்ல. வாங்குன நாள்ல இருந்து இன்னைக்கு வரை அதே எரிச்சல். ஸ்ட்ரிப்போட பின்னாடி அலுமினியம் ஃபாயில், அது கண்ணாடி மாதிரி, முன்னாடி இருந்து எல்இடி அடிச்சா அந்த பல்பே ஃபாயில்ல எட்டு வெள்ளைப் பொட்டா தெரியும், அதுல ஒரு பொட்டு சரியா எக்ஸ்பைரி மேல வந்து உக்காரும், ஸ்ட்ரிப்பை சாய்ச்சா அடுத்த பொட்டு பேட்ச் மேல. காசு குடுத்து வாங்குன லைட்டை அணைச்சு வச்சுட்டு தான் நான் இந்த லென்ஸை யூஸ் பண்றேன், இப்ப அந்த லைட்டோட சுவிட்ச்சுக்கு தான் ரிப்பேர் செலவு வேற.

லைட் வேணும், ஆனா வேற இடத்துல இருந்து வேணும். ஃபாயில்ல கருப்பு மையா இருந்தா, ஒரு வெள்ளை பேப்பரை (நான் பழைய பில்லோட பின்பக்கத்தை எடுப்பேன்) எதிர்ல சாய்ச்சு புடிச்சு, அந்த வெள்ளை ஃபாயில்ல பிரதிபலிக்கிற மாதிரி ஸ்ட்ரிப்பை திருப்பினா, ஃபாயில் முழுக்க வெளுத்துடும், மை மட்டும் கருப்பா நிக்கும். மையே இல்லாம அழுத்தி பதிச்சிருக்க நம்பரா இருந்தா இது உதவாது, அதுக்கு நேர் எதிர் வழி: கடை லைட்டுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, போன் டார்ச்சை ஸ்ட்ரிப்போட ஓரத்துல கிட்டத்தட்ட படுக்க வச்சு அடிக்கணும், பள்ளத்துல நிழல் விழும், அந்த நிழல் தான் நம்பர். சொட்டு மருந்து மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்னா டார்ச்சை பின்னாடி வச்சா போதும். இன்னொன்னு, தெரியலைன்னு சானிடைசர் போட்டு தொடைக்காதீங்க, பாதி மை அதுலயே கரைஞ்சு வந்துடும், அப்புறம் லென்ஸ் இருந்தும் பிரயோஜனமில்ல.

இப்ப தம்பி கேட்ட இன்னொரு கேள்வி, நான் படிக்கிறது சரின்னு எப்படி தெரியுதுன்னு. போன மாசம் வந்த ஒரு சிரப்பையே சொல்றேன். கார்ட்டன்ல நாலு வரி, கடைசி வரி எக்ஸ்பைரி. பாத்தா `FXP 07/2026`-ன்னு தெரியுது, ஆனா அந்த வருஷத்துல இருக்க 2-ம் கூட ஏழு மாதிரி கோணலா இருக்கு. முதல் எழுத்தைப் பாருங்க, அது ஈ இருக்க வேண்டிய இடம், எஃப்-ஆ நிக்குது. ஈ-யோட அடிக்கோடு காணோம். அப்ப அந்த வரியோட அடிப் புள்ளி வரிசையே விழல.

இது ஏன் நடக்குதுன்னா, இந்த புள்ளி எழுத்தை அடிக்கிற பிரிண்டர்ல மை ஒரே ஒரு துளை வழியா சொட்டு சொட்டா போகுது, ஒவ்வொரு சொட்டுக்கும் எவ்வளவு மின்னூட்டம் குடுக்குறாங்களோ அதை வச்சு தான் அது எந்த உயரத்துல விழணும்னு தீர்மானமாகுது, தேவையில்லாத சொட்டு ஒரு குழாய்ல விழுந்து திரும்ப டாங்குக்கு போயிடும். கொஞ்சம் அட்ஜஸ்ட்மென்ட் தப்புனா ஒரு ஓரத்து சொட்டெல்லாம் இடிபட்டு நின்னுடும். நாலு வரியும் ஒரே ஓட்டத்துல அடிக்கிறதால கெடுறது பெரும்பாலும் மேல் வரியோட உச்சி, இல்ல கீழ் வரியோட அடி. அதனால ஒரு எழுத்து மேல சந்தேகம்னா அதே வரியில இருக்க தெரிஞ்ச எழுத்தோட தான் ஒப்பிடணும், மேல் வரியோட ஒப்பிட்டா ஏமாந்துடுவோம்.

சரி, நம்ம சிரப்புக்கு வருவோம். வருஷம் 20-ல தான் ஆரம்பிக்கும், அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அப்ப வருஷத்தோட முதல் எழுத்து தான் அடி போன ரெண்டு எப்படி இருக்கும்னு நமக்கு காட்டுது: உச்சி வளைஞ்சிருக்கும், ரெண்டு மூலையிலயும் புள்ளி இருக்காது, அப்புறம் சரிஞ்சு கீழ இறங்கும். ஏழா இருந்தா உச்சியில அஞ்சு புள்ளியும் நேரா ஒரே கோடா இருக்கணும். மாசத்தோட ரெண்டாவது எழுத்தை பாத்தேன், மூலையில புள்ளி இல்ல. அப்ப `02/2026`. மேல் வரியில தயாரிப்பு தேதி சுத்தமா 03/2024. 2024 மார்ச்சுல இருந்து 2026 பிப்ரவரி முடிய சரியா 24 மாசம். ஏழாம் மாசம்னா 29 மாசம் வரும், அப்படி ஒரு ஆயுசு எந்த மருந்துக்கும் போட்டு நான் பாத்ததில்ல. சில கம்பெனி மார்ச்சுன்னா மார்ச்னே போடுவாங்க, அதனால ஒரு மாசம் முன்ன பின்ன வந்தா பயப்படாதீங்க, அஞ்சு மாசம் வந்தா திரும்ப பாருங்க. மாசம் வருஷம் மட்டும் போட்டிருந்தா அந்த மாசக் கடைசி நாள் வரைக்கும் செல்லும், அதனால பிப்ரவரின்னா பிப்ரவரி 28. ஜூலைன்னு சிஸ்டத்துல ஏத்தியிருந்தா அஞ்சு மாசம் காலாவதியான சிரப் ராக்குல நல்ல மருந்தா உக்காந்திருக்கும்.

பேட்ச் நம்பருக்கு இந்த கணக்கு எதுவும் ஓடாது, அங்க தான் தலைவலி. பி-யா எட்டான்னு பாக்க இடது ஓரத்தை மட்டும் பாருங்க, மேல இருந்து கீழ வரை புள்ளி விடாம நின்னா பி, மூலையிலயும் நடு இடுப்புலயும் விட்டிருந்தா எட்டு. டி-க்கும் சைபருக்கும் அதே விதி. அஞ்சுக்கு மேல் இடது மூலையில புள்ளி இருக்கும், எஸ்-க்கு இருக்காது. ஓ-வும் சைபரும் மட்டும் எந்த லென்ஸ்லயும் பிரியாது, நடுவுல கோடு போட்ட சைபரா இருந்தாலொழிய. அதுக்கு இன்வாய்ஸை பாத்தே ஆகணும்.

இன்வாய்ஸை மட்டும் நம்புறதும் ஆகாது. சாஃப்ட்வேர்ல பர்ச்சேஸ் இம்போர்ட் பண்ணா பேட்ச் தானா வந்துடுது, ஆனா ஹோல்சேல்ல பில் போட்டது ஒரு பேட்ச், பையன் எடுத்து வச்சது வேற பேட்ச்னு பல தடவை நடந்திருக்கு. எக்ஸ்பைரி ரிட்டர்ன் அனுப்பும்போது பேட்ச் பொருந்தலைன்னு கிரெடிட் நோட் குடுக்க மாட்டேன்னுடுவாங்க, நஷ்டம் நமக்கு. அரசாங்கம் தரமில்லாத மருந்துன்னு லிஸ்ட் போடுறதும் பேட்ச் நம்பரை வச்சு தான், ஒரு எழுத்து மாறினா நம்ம ராக்குல இருக்கறது சிஸ்டத்துல தேடினா வராது. அதனால சரக்கு வந்த உடனே நான் அட்டைய பாத்து சத்தமா படிப்பேன், பி பாம்பே, டி டெல்லின்னு, கடைப் பையன் ஸ்கிரீன்ல சரி பாப்பான். பிரியாத எழுத்து இருந்தா போட்டோ எடுத்து அன்னைக்கே ஹோல்சேலுக்கு வாட்ஸப்பு. ஸ்ட்ரிப் வெட்டிக் குடுக்கும்போது நம்பர் இல்லாத பக்கத்துல இருந்து தான் வெட்டணும்னும் சொல்லி வச்சிருக்கேன், கடைசி ரெண்டு மாத்திரையோட நம்பர் போச்சுன்னா அதை யாரு என்னன்னு விக்கிறது.

க்யூஆர் கோடு இருக்கேன்னு கேப்பீங்க. 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து 300 பிராண்டுக்கு கட்டாயம், அதுல பேட்ச், எக்ஸ்பைரி எல்லாம் உள்ளயே இருக்கு, ஸ்கேன் பண்ணா சந்தேகமே இல்ல. அந்த மருந்தெல்லாம் ராக்குல கொஞ்சம் தான், மிச்சத்துக்கு கண்ணும் லென்ஸும் தான்.

அப்ப லென்ஸ் எப்படி? கண்ணாடி நல்லா தெளிவு, கோணல் இல்ல, பல தடவை கீழ விழுந்தும் கீறலைத் தவிர ஒண்ணும் ஆகல, கைப்பிடி வசதி, சாயங்காலம் சரக்கு வர நேரத்துல இது இல்லாம என்னால ஒரு பெட்டி ஏத்த முடியாது. தம்பிகிட்ட வாங்காதீங்கன்னு தான் சொன்னேன். லைட் இல்லாத சாதா லென்ஸ் ஸ்டேஷனரி கடையில இதுல பாதி விலைக்கு கெடைக்கும், டார்ச் தான் போன்லயே இருக்கே. அவரு சிரிச்சுட்டு, அப்ப உங்களோடதை எனக்கு குடுங்கண்ணேன்னாரு. தர மாட்டேன்னுட்டேன்.