பெயர்ப்பலகைக்கு 0.2 நொசில்: நீண்ட நாள் பாவித்த பிறகு

"0.2 நொசில் விலை இறங்கியிருக்காம் மச்சான், பெயர்ப்பலகை அடிக்க ஒன்று எடுக்கட்டோ?" என்று நெல்லியடியில் இருக்கும் நண்பன் கேட்டான். முப்பரிமாண அச்சுப்பொறியில் உருகிய பிளாஸ்ரிக் வெளிவரும் வாய்தான் நொசில், 0.2 என்பது அதன் துளையின் மி.மீ. அளவு. அடைத்துப்போன அதே நொசிலைக் கழற்றி, அதற்கு மேலே இருந்த குழாயையும் துப்பரவாக்கி முடித்த கையோடு பதில் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

புடைப்பெழுத்தில் 'ட', 'ப' போன்றவை எந்த நொசிலிலும் வந்துவிடும். பிரச்சினை சுழிகளில்தான். 'ண'வின் சுழிக்குள் இருக்கும் சின்ன வெற்றிடம் மூடிக்கொண்டால், ஒழுங்கையில் நின்று பார்ப்பவருக்கு அது 'ண'வா 'ன'வா என்று தெரியாது. வரைபடத்தில் இருப்பதைவிடச் சிறு துளைகள் எப்போதும் கொஞ்சம் ஒடுங்கித்தான் அச்சாகும். பெட்ஜி பிளாஸ்ரிக் ஈரம் பிடித்திருந்தால் நூல் விட்டு மிச்ச இடத்தையும் அடைக்கும்.

அண்மையில் "கண்ணகி இல்லம்" என்று ஒரு கேற் பலகை செய்தேன். 200 மி.மீ. அகலம். வீட்டுக்காரர் ஒரே வரியில், தடித்த எழுத்தில் கேட்டார். ஒரே வரி என்றால் எழுத்தின் உயரம் 15 மி.மீ.க்கு மேல் போகாது. நான் எடுத்த எழுத்துருவில் அந்த உயரத்துக்குக் கோட்டின் தடிப்பு 1 மி.மீ., சுழியின் உள்வெளி 1.8 மி.மீ. தடிப்பாக்க ஒவ்வொரு பக்கமும் 0.3 கூட்டினால் கோடு 1.6 ஆகும், ஆனால் சுழி 1.2க்கு இறங்கிவிடும். கோடு தடிக்கும் அளவுக்குச் சுழி ஒடுங்குகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 0.4 நொசிலில் அடித்த மாதிரியில் சுழி ஒரு ஊசித்துளையாகத்தான் வந்தது. அதைக் காட்டியதும் அவரே இரண்டு வரிக்கு ஒத்துக்கொண்டார்.

இரண்டு வரியில் உயரம் 22 மி.மீ. ஆனது. கோடும் சுழியும் சேர்ந்து பெருத்து, கிட்டத்தட்ட 1.5, 2.6 ஆகின. அதன் பிறகு பக்கத்துக்கு 0.2 மட்டும் கூட்டினேன். கோடு 1.9, சுழி 2.2. 0.4 நொசில் ஒரு தடவையில் இடுவது ஏறக்குறைய 0.45 அகலம் என்பதால், கோட்டுக்குள் நான்கு பிளாஸ்ரிக் இழை நெருக்கமாக அமைந்தது. எழுத்து பலகையில் இருந்து 1.6 மி.மீ. எழும்பி நிற்கிறது. வீதியில் நின்று தெளிவாக வாசிக்கலாம். ஆகவே முதலில் உயரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் தடிப்பைத் தொடுங்கள். கோடு ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடிக்கும் எழுத்துருக்களைத் தவிருங்கள். நொசிலின் அகலத்தைவிட மெலிந்த இடங்களை, வரைபடத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசர் மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடக்கூடும், முன்னோட்டத்தில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். சுழி இன்னும் ஒடுங்கினால் X-Y hole compensation என்ற இடத்தில் 0.1 கொடுக்கலாம். கோடும் அதற்கேற்ப மெலியும்.

சரி, 0.2 நொசில். அதன் வேலை உண்மையிலேயே அழகு. மேசையில் வைக்கும் சின்னப் பலகைக்கு 9 மி.மீ. உயரத்தில் 'ழ'வின் வளைவும் 'ஞ'வின் உள்மடிப்பும் உடையாமல் விழுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். 0.4இல் அந்த அளவில் 'ஞ' ஒரு கட்டிதான். மெய்யெழுத்தின் புள்ளிகூட இதில் வட்டமாக வரும். 0.4இல் புள்ளிக்கு 2 மி.மீ. விட்டமாவது கொடுக்காவிட்டால், அது இறுகும் முன்னரே அடுத்த அடுக்கு மேலே ஏறிச் சிதைந்துவிடும்.

ஆனால் இழையின் அகலமும் பாதி, அடுக்கின் உயரமும் பாதி என்பதால் அதே பிளாஸ்ரிக்கை இட ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். பலகையின் அடிப்பகுதியையும் அதிலேயே அடிப்பது வீண். அடியை 0.4இல் அடித்து, எழுத்தை 0.2இல் தனியாக அடித்து ஒட்டலாம் என்றால், ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டாகக் கையில் வரும். அதை நேராக ஒட்டுவது தலையிடி. இவை எல்லாவற்றையும்விட, அடைப்பு. மினுக்கம் கலந்த பிளாஸ்ரிக்கையும் மரத்தூள் கலந்ததையும் அது ஏற்காது. சாதாரண வெள்ளையிலேயே தூசு போய் நடுவில் நின்றுவிடுகிறது. நின்றது உடனே தெரியாது, எழுத்தின் மேல் அடுக்கு சல்லடையாக வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் இரவு முழுக்க ஓடிய வேலை குப்பை.

கேற் பலகைக்கு வேண்டாம் மச்சான், விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். 15 மி.மீ.க்கு மேற்பட்ட எழுத்துக்கு, தடிப்பை அளவாக வைத்தால் 0.4 போதும். வகுப்பறைக் கதவு, மேசை, மருந்துக்கடை இறாக்கை என்று 10 மி.மீ.க்குக் குறைந்த எழுத்தை ஒருவர் கட்டாயம் கேட்டால் எனக்கு அனுப்பு. திட்டிக்கொண்டாவது இதே நொசிலில் அடித்துத் தருவேன், அந்த 'ஞ' வேறெதிலும் வராது.