கிலோமீட்டரை ஆப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி 7,560 ரூபாய் விட்டேன்

நேற்றுச் சாயங்காலம்தான் பயணப்படி ஏறியது. வரவேண்டியது 13,554 ரூபாய், வந்தது 5,994. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேலை வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்ப்பது. வண்டி என்னுடையது, பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் என் கைக்காசு. மாதம் ஓடிய கிலோமீட்டரை எழுதிக் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய். இத்தனை நாளும் ஒரு சின்ன நோட்டில் காலையில் ஒரு மீட்டர் ரீடிங், இரவில் ஒரு ரீடிங், நடுவில் யாரைப் பார்த்தேன் என்று குறித்து வந்தேன். ஒரு மாதம்கூடப் பிரச்சினை வந்ததில்லை.

போன மாதம் பயணக் கணக்குக்கென்று ஒரு மொபைல் ஆப் கொண்டுவந்தார்கள். விளக்க வந்த கணக்குப் பிரிவு ஆள் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் இனி வேண்டாம் சார். வாடிக்கையாளர் இடத்தில் ஒரு தடவை செக்-இன் அமுக்குங்க, மீதியை ஆப் பார்த்துக்கும்" என்றார். நானும் நோட்டை மேசை டிராயரில் போட்டுவிட்டேன். அங்கேதான் விழுந்தேன்.

பணம் குறைந்ததும் ஆப்பில் ஒரு நாளை மட்டும் திறந்து பார்த்தேன். 55 கி.மீ. என்றது. இன்று காலை ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு அதே சுற்றை அப்படியே ஓட்டினேன். வீட்டுக்குத் திரும்பியபோது 71. அந்தச் சுற்றில் இரண்டு வாடிக்கையாளர்கள் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர். பாலத்தைச் சுற்றிப் போனால் 11 கி.மீ. ஆப் காட்டியது 3. விஷயம் அப்போதுதான் புரிந்தது. நான் போன வழியை அது பின்தொடரவே இல்லை. செக்-இன் அமுக்கிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு அளந்திருக்கிறது. காக்கை பறக்கும் தூரத்துக்குத்தான் எனக்குக் காசு!

அதோடு விட்டார்களா? வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 12 கி.மீ. அது சொந்தப் பயணம் என்று நாள் ஒன்றுக்குப் போக வர 24 கி.மீ. கழித்திருக்கிறார்கள். கழிப்பது பல இடங்களில் இருக்கும் விதிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அன்று நான் அலுவலகமே போகவில்லை. முதல் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து 4 கி.மீ., கடைசி ஆளிடமிருந்து வீடு 9. இரண்டும் சேர்ந்து 13 கி.மீ. ஓட்டிய இடத்தில் 24-ஐக் கழித்தால் என்ன நியாயம்? கடைசியில் 71 கி.மீ. ஓட்டியவனுக்கு 31 கி.மீ. காசு. ஒரு நாளில் 360 ரூபாய் போச்சு. இப்படி 21 நாள், 7,560 ரூபாய்.

கணக்குப் பிரிவில் கேட்டேன். "ஆப் காட்டுறதுதான் சார் ஃபைனல்." ஆப் உதவி எண்ணில் கேட்டால், "அளவு முறையை உங்கள் நிறுவனம்தான் தேர்ந்தெடுத்தது, அவர்களிடம் கேளுங்கள்." மேலாளரோ, "அடுத்த மாசம் சேர்த்துப் பார்த்துக்கலாம்பா." பதிவு செய்த புகார் அடுத்த ஒரு மணி நேரத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள், தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். மீட்டர் போட்டோ காட்டட்டுமா என்றேன். மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்தவை இரண்டு இருந்தன. "அதில் உங்க சொந்த ஓட்டமும் இருக்குமே சார்" என்றார் அதே ஆள். உண்மைதான். அதைப் பிரித்துக் காட்டத்தானே அந்த நோட்டு இருந்தது! வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

ராத்திரி முழுக்க விசிட் ரிப்போர்ட்டுகளை வைத்து, மேப்பில் சாலைத் தூரம் பார்த்து 1,506 கி.மீ. என்று திருப்பிக் கணக்கெடுத்தேன். அனுப்பினால், போன மாதக் கணக்கு முடிந்துவிட்டதாம். 7,560 ரூபாய்! பெட்ரோல் எப்போதோ எரிந்துவிட்டது.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ஆப் வந்தாலும் நோட்டை விடாதீர்கள், ஒவ்வொரு நாளும் தொடக்க, முடிவு ரீடிங்கைப் போட்டோவோடு வையுங்கள். முதல் நாளே ஒரு சுற்றை ட்ரிப் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாத் தூரமும் குறைவாகவே வந்தால் அது நேர்கோடாக இருக்கலாம். நேராக வாடிக்கையாளரிடம் போகும் நாளில் எவ்வளவு கழிப்பார்கள் என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். மாதக் கணக்கு மூடும் தேதிக்கு முன்னால் கேளுங்கள். நான் பிந்திவிட்டேன். டிராயரிலிருந்து நோட்டை எடுத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று.