பழைய இரும்புப் பெட்டிக்கு டெக்ஸ்சர்: ஒரே மாஸ்க்கா, தனித்தனி மேப்பா?

பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பழைய இரும்புப் பெட்டியின் 3D மாடல். ஓரங்களில் பெயின்ட் உரிந்திருக்கிறது, மூலைகளில் அழுக்கு அப்பியிருக்கிறது. இதன் மேற்பரப்பை, நிஜப் பொருளில் ஒளி படுவதைப் போலவே கணக்கிடும் பிபிஆர் முறையில் செய்ய இரண்டு வழி உண்டு. நிறத்தைச் சொல்லும் பேஸ் கலர், சொரசொரப்பைச் சொல்லும் ரஃப்னெஸ், உலோகமா இல்லையா என்று சொல்லும் மெட்டாலிக் மூன்றையும் மேப் எனப்படும் தனித்தனிப் படங்களாக வரையலாம். இல்லையென்றால் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் மாதிரி மென்பொருளில் இரும்பு, பெயின்ட், அழுக்கு என்று லேயர்களை அடுக்கி, ஒவ்வொரு லேயரும் எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் அதன் மாஸ்க் மூன்று மேப்பையும் சேர்த்தே மாற்றும்படி வைக்கலாம்.

பெயின்ட் உரிந்த இடத்துக்கு மாஸ்க்தான் சரி. அங்கே பொருளே மாறுகிறது. இரும்பின் மேல் இருந்தாலும் பெயின்ட் உலோகம் இல்லை. அதற்கு மெட்டாலிக் 0, ரஃப்னெஸ் 0.55 அளவில் வைக்கலாம். வெளியே தெரியும் இரும்புக்கு மெட்டாலிக் 1, ரஃப்னெஸ் 0.35 என்று தொடங்கலாம். தனித்தனியாக வரையும்போது விளிம்புகள் சில பிக்சல் விலகினாலே காட்டிக்கொடுத்துவிடும். பச்சை நிறத்தின் மேல் மெட்டாலிக் 1 விழுந்த இடம் பச்சை ஜிகினாத் தாள் மாதிரி மின்னும். இரும்பின் நிறத்தில் மெட்டாலிக் 0 விழுந்தால் வெறும் சாம்பல் பூச்சாகத் தெரியும்.

மாஸ்க்கை மிருதுவான பிரஷ்ஷால் வரைந்தால் அதிலும் சிக்கல் வரும். விளிம்பில் மெட்டாலிக் 0.5 என்று அகலமான பட்டை உண்டாகும். நிஜத்தில் அப்படி ஒரு பொருள் கிடையாது. மாஸ்க்கின் மேல் கருப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும் லெவல்ஸ் ஒன்றைப் போட்டு விளிம்பை இறுக்குங்கள். ஓரிரு பிக்சல் சாம்பல் மிஞ்சினால் பரவாயில்லை.

அழுக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பேஸ் கலரில் மட்டும் பழுப்பு பூசிவிட்டு, அடியில் இருக்கும் மெட்டாலிக்கை 1 ஆகவே விட்டுவிடுவார்கள். உலோகத்தில் பேஸ் கலர் என்பது பிரதிபலிப்பின் நிறம். அதனால் சேறு வெண்கலமாக மாறிவிடும். அழுக்கு லேயர் மெட்டாலிக்கை 0 ஆக்க வேண்டும், ரஃப்னெஸை 0.9 பக்கம் ஏற்ற வேண்டும். சுற்றுப்புற ஒளியைச் சுழற்றிப் பாருங்கள்: அழுக்கின் மேல் பளிச்சென்று ஒளி ஓடினால் மெட்டாலிக்கோ ரஃப்னெஸோ இன்னும் மாறவில்லை.

அப்படியானால் தனியாக வரைவதற்கு வேலையே இல்லையா? ரஃப்னெஸில் நிறைய இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து வழவழப்பாகும், யாரோ துணியால் துடைத்த தடம் இருக்கும். அங்கே பொருளும் நிறமும் அப்படியே இருக்கும், 0.55 மட்டும் 0.4 ஆகும். அந்தத் தடங்களைக் கையால் வரைந்தால்தான் பெட்டி புழங்கிய மாதிரி இருக்கும். ஓரத்தையும் பள்ளத்தையும் வைத்துத் தானாக மாஸ்க் உருவாக்கும் ஜெனரேட்டருக்கு, பெட்டியைத் தூக்கியவரின் கை எங்கே பட்டது என்று தெரியாது.

எந்த வழியில் செய்தாலும், பிளெண்டருக்குக் கொண்டுபோகும்போது ரஃப்னெஸ், மெட்டாலிக் படங்களுக்கு `Color Space` என்பதில் `Non-Color` வையுங்கள். `sRGB` ஆகவே விட்டால் அவை நிறப் படங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 0.5 என்று வரைந்தது சுமார் 0.21 ஆகப் படிக்கப்படும். பெட்டி முழுக்க ஈரமானது போல் பளபளக்கும்.