“அனுமதி உண்டு” என்ற ஒரு வரியை நம்பி ட்ரோன் படப்பிடிப்புக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

என் மகளின் திருமணம் மதுரை விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. அதை வானிலிருந்து படமெடுக்கவும், மறுநாள் எங்கள் தென்னந்தோப்பை எல்லை தெரியும்படி எடுத்துத் தரவும் ஒரு ட்ரோன் ஒளிப்பதிவாளரை ஏற்பாடு செய்தேன். பேசிய தொகை பதினெட்டாயிரம், முன்பணம் எட்டாயிரம். அவருடைய விளம்பரத்தில் இருந்த வரிகள் இவைதான்: “திருமணம், தோட்டம், பண்ணை. டிஜிசிஏ அனுமதி உண்டு. 400 அடி உயரம் வரை பறக்கும். சாம்பிள் ரீல் கீழே.” டிஜிசிஏ என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு.

மாப்பிள்ளை அழைப்பின்போது ட்ரோன் மேலே ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ரோந்து வந்த காவலர்கள் அதைக் கீழே இறக்கச் சொன்னார்கள். அனுமதி எங்கே என்று அவர்கள் கேட்டபோது, இவர் ட்ரோனின் கையில் பொறித்திருந்த “249 கிராம்” என்பதைக் காட்டி, “இதுக்கு லைசென்ஸ் தேவையில்லை சார்” என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. எங்களைச் சிக்க வைத்ததும் அந்தப் பாதி உண்மைதான்.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனை இயக்குபவருக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் இரண்டு கிலோ வரை உள்ளதைக் கூலிக்குப் பறக்கவிடுபவருக்குக் கட்டாயம் தேவை. ஆனால் அந்தச் சான்றிதழ் ஆளுக்கு உரியது. கருவிக்கென்று தனியே ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். சிறிய ட்ரோனுக்கும் அதில் விலக்கு இல்லை. பறக்கும் இடத்துக்கான அனுமதியோ இவ்விரண்டிலிருந்தும் முற்றிலும் வேறானது. ட்ரோன்களுக்கென மத்திய அரசு நடத்தும் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் பச்சை நிறம் உள்ள இடத்தில் முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. எங்கள் மண்டபம் சிவப்புக்குள் இருந்தது. கருவி எவ்வளவு இலேசாக இருந்தாலும் அந்த நிறம் மாறாது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சுருட்டித்தான் அவர் “அனுமதி உண்டு” என்று எழுதியிருந்தார். பிரித்துக் கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று தெரியவில்லை. மணமேடைக்குப் போக வேண்டிய நேரத்தில், பெண்ணின் தகப்பனான நான் வாசலில் நின்று காவலர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“400 அடி வரை” என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. தோப்பு விமான நிலையத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய உயரம் 200 அடி மட்டுமே. தென்னையே அறுபது, எழுபது அடி நிற்கும் தோப்பில் மீதமிருக்கும் உயரத்திலிருந்து நான்கு எல்லைகளும் ஒரே சட்டகத்தில் அடங்குவது கடினம்; வரப்பை ஒட்டிப் பகுதி பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். தொழில் தெரிந்தவர் இதை விலை பேசும்போதே சொல்லியிருப்பார்.

ஒரு மாதம் கழித்து வந்த காணொளியில் தோப்புக் காட்சி அழகாகத்தான் இருந்தது. ஆனால் மரங்களுக்கு நடுவே வாய்க்கால் ஓடியது. எங்கள் தோப்பில் வாய்க்கால் கிடையாது. சொட்டு நீர்க் குழாய்தான். சாம்பிள் ரீலைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அதே வாய்க்கால், அதே வளைவு, வரப்பில் அதே நீல நிறத் தார்ப்பாய். மறுநாள் தோப்புக்கு வந்தவர் ட்ரோனை ஏற்றவே இல்லையோ, ஏற்றியும் ஒன்றும் தேறவில்லையோ, எப்படியானாலும் வேறொருவர் நிலத்தை என் நிலம் என்று வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டார். அந்த ரீலாவது அவர் எடுத்ததா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே ரீலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் வரும் ஏதேனும் ஒரு காட்சியின் வெட்டாத மூலக் கோப்பைக் கேளுங்கள். பரவலாகப் புழங்கும் டிஜேஐ ட்ரோன்களில் அதற்கான அமைப்பை இயக்கி வைத்திருந்தால், காணொளியோடு `.SRT` என்று முடியும் சிறு கோப்பு ஒன்றும் பதிவாகும். அதைத் திறந்தால் நாள், நேரம், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, புறப்பட்ட இடத்திலிருந்து ஏறிய உயரம் (`rel_alt`, மீட்டரில்) எல்லாம் தெரியும். அறுபது மீட்டர் என்பது ஏறத்தாழ 200 அடி. உங்கள் நிலத்தில் எடுத்த படத்துக்கும் இதே கோப்பைச் சேர்த்துத் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

தோப்பைப் பிறகு வேறொருவர் எடுத்துக் கொடுத்தார். அவர் விலை சொல்வதற்கு முன் என்னிடம் கேட்டது இடத்தின் வரைபடக் குறியீட்டைத்தான். அதை வான்வெளி வரைபடத்தில் பார்த்துவிட்டு, 180 அடிக்கு மேல் போக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முந்தையவரிடமிருந்து எட்டாயிரம் இன்னும் திரும்பவில்லை. அந்த விளம்பரமும் அதே நான்கு வரிகளோடு, அதே வாய்க்கால் ரீலோடு இந்த முகூர்த்த மாதத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.