பருப்பு, குழம்பு, சோறு: ஃப்ரிட்ஜுக்குள் போகுமுன் எப்படி ஆற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை சமைத்து வைத்துவிட்டு செவ்வாய், புதன் வரை ஓட்டும் வீடுகள் திருப்பூர், பெருந்துறை, ஈரோட்டுப் பக்கம் நிறைய. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் வேறு வழியும் கிடையாது. எங்கள் வீடும் அப்படித்தான். சமைத்ததை ஆற்றி உள்ளே வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அடுப்பு மேடையிலேயே மூடி வைத்து, ராத்திரி படுக்கப் போகும்போது எடுத்து வைப்பது ஒன்று. சுடச்சுட அப்படியே உள்ளே தள்ளுவது இன்னொன்று. அகலமான பாத்திரத்தில் பரப்பி, தண்ணீரில் நிறுத்தி, சூடு இறங்கியதும் வைப்பது மூன்றாவது. நான் மூன்றாவதற்கு மாறிவிட்டேன். இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எத்தனை நாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருந்து, உணவும் சீக்கிரம் ஆறியிருந்தால், பருப்பும் கோழிக் குழம்பும் மூன்று நாள் நிற்கும். சமைத்த மிச்சத்துக்கு அமெரிக்க அரசு சொல்லும் பொதுக் கணக்கு 3 முதல் 4 நாள். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். தேங்காய் அரைத்து ஊற்றியது என்றால் இரண்டு நாள். சோறு ஒரே நாள். பிரிட்டன் உணவுத் துறையும் சோற்றுக்கு 24 மணி நேரம்தான் தருகிறது. புளி தூக்கலாக, எண்ணெய் விட்டு வற்றவைத்த குழம்பு இவற்றைவிடக் கூடுதலாகத் தாங்கும், புளிப்பில் கிருமி சுலபமாகப் பெருகாது. ஆனால் இந்த நாள் கணக்கெல்லாம் ஒழுங்காக ஆறிய உணவுக்குத்தான். மேடையில் ஆறு மணி நேரம் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்த பருப்புக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது.

மேடையில் ஆறவைக்கும் வழிக்கு ஆதரவு அதிகம். என் அத்தை இன்றைக்கும், “சூடு ஆறாம உள்ள வெக்காத அம்மிணி, பொட்டி கெட்டுப் போயிரும்” என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். மறுபாதியில் சிக்கல். கொதிக்க வைத்தால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். சில கிருமிகள் வித்தாகச் சுருண்டு கொதிநிலையையும் தாண்டி உயிரோடு இருக்கும். சோற்றில் பேசில்லஸ் செரியஸ், கறியிலும் பருப்பிலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ், இவை இரண்டும் அந்த ஜாதி. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வித்து முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். இரண்டாவது கிருமிக்கு 45 டிகிரியை ஒட்டிய சூடுதான் ரொம்பப் பிடித்தம். அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. மூன்று மணி நேரம் அதே சூட்டில் கிடந்தால் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டும். மூடி போட்ட கனமான பாத்திரத்தின் நடுப்பகுதி அந்தச் சூட்டில்தான் நெடுநேரம் நிற்கிறது.

அடுத்தது நம் ஊர் வெயில். “அறைச் சூட்டுக்கு வரட்டும்” என்கிறோம், சித்திரையில் ஈரோட்டில் அறைச் சூடு என்ன? மதியம் வீட்டுக்குள் 35 டிகிரி இருந்தால், குழம்பை எத்தனை மணி நேரம் வைத்தாலும் 35-க்குக் கீழே வராது. காத்திருப்பதால் ஒரு டிகிரிகூட லாபமில்லை, கிருமிக்குத்தான் நேரம் கிடைக்கிறது. வெளியே வைக்கும் நேரத்துக்குச் சொல்லும் வரம்பு இரண்டு மணி. சுற்றுச் சூடு 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி. நமக்கு வருஷத்தில் பாதி நாள் அந்த ஒரு மணிக் கணக்குதான்.

சுடச்சுட உள்ளே வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்ன டப்பா, ஒரு ஆள் சாப்பிடும் அளவு, ஆவி பறக்காத சூடு என்றால் தாராளமாக வைக்கலாம், ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகாது. முழுப் போசியை வைத்தால்தான் அத்தை சொல்லும் நியாயம் வருகிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று லிட்டர் கொதிக்கும் குழம்பு இறங்கினால் பக்கத்தில் இருக்கும் பாலும் இட்லி மாவும் சூடேறும், ஆவி பனியாகப் படியும். அப்படியும் போசியின் நடுப்பகுதி சீக்கிரம் குளிர்வதில்லை. ஓரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும், கரண்டியை நடுவில் விட்டுக் கிளறினால் வெதுவெதுப்பு மேலே வரும்.

இங்கேதான் மூன்றாவது வழி ஜெயிக்கிறது, அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பாத்திரத்தில் உணவின் ஆழம். கெட்டியான பண்டத்தில் சூடு மெதுவாக நகர்ந்துதான் வெளியே வர வேண்டும். ஆழம் பாதியானால் ஆறும் நேரம் பாதியாவதில்லை, ஏறக்குறைய கால்வாசியாகிவிடுகிறது. ரசம் போல நீர்த்தது தானாகவே உள்ளுக்குள் சுழலும், மேல் கீழ் கலந்துகொள்ளும். பச்சைப்பயறு கடைசலும் கொள்ளுப் பருப்பும் அப்படிச் சுழலாது. கடைந்து மசிந்த பருப்பு, மேலே ஒரு ஆடை கட்டிக்கொண்டு உள்ளே சூட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் வீடுகளில் ஆறுவதற்கு ரொம்ப நேரம் பிடிப்பது இந்தக் கடைசல் வகைதான். ஆனால் குழம்புக்குக் காட்டும் கவனத்தை யாரும் அதற்குக் காட்டுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை லிட்டர் பருப்பு, 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள போசியில். ஆழம் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். அதையே 25 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு தட்டையான பாத்திரத்தில் பிரித்து ஊற்றினால் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர், நாலில் ஒரு பங்கு. ஆவி போக மேல்பரப்பும் பல மடங்கு கூடுகிறது. மேலே வலைமூடி போட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்தால், தட்டின் அடியைத் தொட்டுப் பார்க்கும்போது கை பொறுக்கும் வெதுவெதுப்புக்குச் சீக்கிரமே வந்துவிடும். அப்போதே டப்பாக்களுக்கு மாற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். முழுசாகக் குளிரட்டும் என்று நிற்கக் கூடாது, மீதியை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். டப்பாவிலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்ப வேண்டாம். உள்ளே குளிரும்வரை மூடியைச் சற்றே சாய்த்து வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

கோழிக் குழம்பைத் தட்டில் பரப்ப முடியாது. அதற்குத் தண்ணீர் முறைதான். அன்னக்கூடையிலோ அகலமான வாளியிலோ தண்ணீர் ஊற்றி, போசியை உள்ளே நிறுத்த வேண்டும். வெளியே தண்ணீர் மட்டமும் உள்ளே குழம்பு மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடி வரை கரண்டி விட்டுக் கிளறுங்கள். நாட்டுக்கோழிக் குழம்பில் மேலே ஒரு விரல் எண்ணெய் மிதக்கும், அது மூடி போல ஆவியை அடைத்துக்கொள்ளும், கிளறினால்தான் உடையும். எலும்போடு உள்ள பெரிய துண்டுகளும் சூட்டை விட மாட்டா, அதனால் துண்டுகளை அடியிலிருந்து மேலே கொண்டுவர வேண்டும். வெளித் தண்ணீர் கையில் சூடாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆனால் எந்தத் தண்ணீர்? வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் குளிக்கவே முடியாத சூடு. அந்தத் தண்ணீரில் குழம்பை நிறுத்தி என்ன பயன்? நான் ஃப்ரீஸரில் பழைய தண்ணீர் பாட்டில்கள் இரண்டை முக்கால் வாசி நிரப்பி எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். சமையல் முடிந்ததும் வாளித் தண்ணீரில் அதைப் போட்டால் போதும். திரும்பவும் கழுவி ஃப்ரீஸருக்கே போய்விடும். சமையலைக் காலையில் முடித்துவிட்டால் இந்தப் பாடு பாதி குறையும்.

சோற்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அதிலுள்ள கிருமி உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் நஞ்சு சூட்டில் அழியாது. கறியை மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டால் பெருகிய கிருமியாவது சாகும். சோற்றில் ஒருமுறை நஞ்சு ஊறிவிட்டால் எத்தனை முறை சூடு பண்ணினாலும் போகாது. “ஊசிப்போனா வாசத்துலயே தெரிஞ்சிருமே” என்பது இங்கே செல்லாது. குழம்பு நுரைத்தாலோ, பருப்பு நூல் விட்டாலோ, புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடலாம், அது தெரிந்த கேடு. இந்த நஞ்சு வாசம், ருசி எதிலும் காட்டிக்கொடுக்காது. அதனால் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைக்காமல், சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தைத் தாம்பாளத்தில் விரல் கனத்துக்குப் பரப்பி, விசிறிக்கடியில் ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு உள்ளே வைப்பதுதான் சரி. அரிசிம்பருப்பு சோறும் இதே கணக்குதான், பருப்பு சேர்ந்திருக்கிறது என்று கூடுதல் நாள் கிடைக்காது. தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய சோறு நொதித்துப் புளிக்கும் வேறு முறை, அதை இந்த மூன்றோடு ஒப்பிட முடியாது.

எடுத்துச் சாப்பிடும்போது தேவையானதை மட்டும் தனியாக எடுத்துக் கொதிக்கவிடுங்கள். முழு டப்பாவையும் சூடாக்கி மீதியைத் திரும்ப உள்ளே வைத்தால் ஆற்றும் வேலை மறுபடி முதலிலிருந்து வருகிறது.

மூன்றாவது வழிக்கும் தொந்தரவு உண்டு. கழுவ இரண்டு பாத்திரம் கூடுகிறது, சமைத்தவுடன் உட்கார முடிவதில்லை. கால் லிட்டர் மிச்சத்துக்கு இவ்வளவும் வேண்டாம், சின்ன டப்பாவில் ஊற்றி ஆவி அடங்கியதும் வைத்துவிடலாம். ஃப்ரீஸரில் குழம்பைப் பல நாள் வைத்துப் பழக்கம் எனக்குக் குறைவு, ஆகவே அதற்கு நாள் சொல்ல நான் ஆளில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலை நான்குக்கு வருகிறது என்றால் ஏழு மணி நேரம். அந்த நாளுக்கு முந்தின ராத்திரியே மிச்சம் எல்லாம் தீரும்படி பார்த்துக்கொள்கிறேன், அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சமையலும் பாதி அளவுதான்.