3×3 அணியின் நேர்மாறு: எந்த வழியில் குறி தவறாது?

மன்னார்குடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அணிகள்தான் முதல் பாடம். மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்திலேயே முடித்துவிடுவோம். ஆனால் டிசம்பரில் அரையாண்டு விடைத்தாளைப் பார்த்தால், முறை தெரிந்த பிள்ளையே 5 மதிப்பெண் கணக்கில் ஒரு மைனஸை விட்டிருக்கும். இந்த முறை ஒரு மாணவி கொண்டுவந்து காட்டிய கணக்கு இது:

```
A =  2  -1   1
     3   1  -2
     1   2  -1
```

அவள் இணைக்காரணி முறையில் போயிருந்தாள். முதல் நிரையின் இரண்டாம் உறுப்புக்குச் சிற்றணிக்கோவை −3+2, அதாவது −1. அந்த இடத்துக்கு உரிய குறியும் மைனஸ் என்பதால் இணைக்காரணி +1 ஆக வேண்டும். "மைனஸ்தான் ஏற்கெனவே வந்துடுச்சே சார்" என்றாள். −1 என்றே விட்டதால் அணிக்கோவை 2×3 + (−1)(−1) + 1×5 = 12 ஆகிவிட்டது. சரியான மதிப்பு 10. அந்த 12ஆல் வகுத்ததில் நேர்மாறின் ஒன்பது உறுப்புகளும் போயின.

இடத்தின் குறியும் எண்ணின் குறியும் இப்படி மோதுவதுதான் இந்த முறையின் பலவீனம். நான்கு இடங்களில் அது காத்திருக்கிறது.

அதே இணைக்காரணிகளைக் குறி மாற்றாமலே எடுக்க ஒரு வழி உண்டு. முதல் இரண்டு நிரல்களை வலப்பக்கமும், அப்புறம் முதல் இரண்டு நிரைகளைக் கீழேயும் மறுபடி எழுதுங்கள். பிறகு முதல் நிரையையும் முதல் நிரலையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது இது:

```
 1  -2   3   1
 2  -1   1   2
-1   1   2  -1
 1  -2   3   1
```

அடுத்தடுத்த நான்கு எண்களை ஒரு 2×2 கட்டமாக எடுத்து, வலம் இறங்கும் பெருக்கலிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். முதல் வரிசையில் 3, 1, 5. இரண்டாவதில் 1, −3, −5. மூன்றாவதில் 1, 7, 5. நிரைகளும் நிரல்களும் சுழன்று வருவதால் இடத்துக்குரிய மைனஸ் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. மாணவி தவறவிட்ட இடத்தில் இங்கே (−2)(1) − (3)(−1) = 1 என்று நேராகவே கிடைக்கிறது. இது 3×3க்கு மட்டுமே பொருந்தும். 4×4க்கு நீட்டக் கூடாது.

இந்த ஒன்பது எண்களையும் நிரை நிரல் மாற்றினால்தான் சேர்ப்பு அணி. அதை 10ஆல் வகுத்தால் நேர்மாறு:

```
        1    3   1   1
A⁻¹ =  --    1  -3   7
       10    5  -5   5
```

எந்த வழியில் போனாலும், வகுப்பதற்கு முன் அணிக்கோவையை இரண்டாம் நிரையாலும் ஒரு தடவை எடுங்கள்: 3×1 + 1×(−3) + (−2)(−5) = 10. முதல் நிரையில் வந்ததும் இதுவும் ஒன்றாக இல்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. அந்த மாணவி இதைச் செய்திருந்தால் 12க்கும் 10க்கும் அங்கேயே இடித்திருக்கும். நிரை நிரல் மாற்ற மறந்ததை மட்டும் இது காட்டாது. அதற்கு A-யின் முதல் நிரையைச் சேர்ப்பு அணியின் முதல் நிரலோடு பெருக்குங்கள்: 6−1+5 = 10. மாற்ற மறந்திருந்தால் 6−1+1 = 6 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

காஸ்-ஜோர்டன் முறை வேறு மாதிரி. அங்கே இடக்குறித் தொல்லையே கிடையாது. பின்னங்களும், வலப்பாதியை மாற்ற மறப்பதும்தான் ஆபத்து. இந்தக் கணக்கில் முதல் நிரையையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால் தலையில் 1 வந்துவிடும். உடனே 2ஆல் வகுத்து அரைகளை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூடவே ரஃப் பக்கத்தில் ஒவ்வொரு நிரையின் ஆறு எண்களையும் கூட்டி ஓரத்தில் எழுதி, அந்தக் கூட்டலுக்கும் அதே நிரைச் செயலைச் செய்யுங்கள். தொடக்கத்தில் மூன்று நிரைக்கும் கூட்டல் 3. R₂ → R₂ − 3R₁ செய்ததும் ஓரத்தில் 3−9 = −6. நிரையில் 0, −5, 1, 0, 1, −3, கூட்டினால் −6. பொருந்துகிறது, மேலே போகலாம். வலப்பாதியை மறந்திருந்தால் 0, −5, 1, 0, 1, 0, கூட்டல் −3. அந்த வரியிலேயே பிடிபட்டுவிடும்.

கேள்வியில் காஸ்-ஜோர்டன் என்று பெயர் சொல்லியிருந்தால் அதில்தான் போக வேண்டும். வெறுமனே நேர்மாறு காண்க என்றால் சுழற்றி எழுதும் வழியைத்தான் என் பிள்ளைகளிடம் சொல்கிறேன். நான்கு நான்காக எடுப்பது ரஃப் பக்கத்தில் இருக்கட்டும்; விடைத்தாளில் இணைக்காரணி அணி, சேர்ப்பு அணி, |A| = 10, கடைசியில் நேர்மாறு என்று படிப்படியாகவே எழுதுங்கள்.